பர்சனல் லோனை முன்கூட்டியே முடிக்கலாமா? கட்டணக் கணக்கும் லாபக் கணக்கும்

போனஸ் வருகிறது, சீட்டு எடுக்கிறோம், ஊரில் இருந்த நிலம் விலை போகிறது. கையில் மொத்தமாகப் பணம் சேர்ந்ததும், மாதாமாதம் தவணை பிடிக்கும் பர்சனல் லோனை ஒரேயடியாக அடைத்துவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டால், "பாதித் தவணை தாண்டிட்டா அடைக்காதீங்க சார். வட்டியெல்லாம் முதல்லயே எடுத்துட்டாங்க, இனிமே அசல்தான்" என்று பதில் வரும். வங்கிக்குப் போனால், முன்கூட்டியே முடிப்பதற்கு நான்கு சதவீதம் கட்டணம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்பார்கள். பெரும்பாலானோர் அதோடு யோசனையைக் கைவிட்டுவிடுவார்கள்.

நண்பர் சொன்னதில் பாதி தவறு. வங்கி சொன்ன நான்கு சதவீதத்தை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. கடனில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நான்கு சதவீதம் சிறியதா பெரியதா என்று தெரியும். இதை வீட்டிலேயே பேனாவும் தாளும் வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

வட்டியை முன்னாலேயே எடுத்துவிடுகிறார்களா?

ஒருவர் 14 சதவீத வட்டியில் 5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலம் 5 ஆண்டு, அதாவது 60 தவணை. மாதத் தவணை 11,634 ரூபாய். ஐந்து ஆண்டில் மொத்தம் சுமார் 6,98,000 கட்டுவார். அதில் வட்டி மட்டும் 1,98,000 ரூபாய்.

முதல் மாதம் அவர் பயன்படுத்தியது முழு 5 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி 5,833 ரூபாய். தவணையில் அதுபோக மீதி 5,801 அசலுக்குப் போகிறது. 25-ஆவது தவணைக்கு வரும்போது பாக்கி அசல் 3,40,402 ரூபாயாகக் குறைந்திருக்கும். எனவே அந்த மாத வட்டி 3,971 ரூபாய்தான். அசலுக்கு 7,663 போகும். கடைசித் தவணையில் வட்டி வெறும் 134 ரூபாய்.

ஆக, வங்கி எந்த மாதமும் அடுத்த மாத வட்டியை எடுப்பதில்லை. அந்தந்த மாதம் கையில் இருந்த கடனுக்கு அந்தந்த மாத வட்டி, அவ்வளவுதான். ஆரம்பத்தில் கடன் பெரிதாக இருந்ததால் வட்டியும் பெரிதாக இருந்தது. முன்கூட்டியே முடிக்கக் கட்டணமே இல்லையென்றால், 10-ஆவது தவணையில் அடைத்தாலும் 50-ஆவது தவணையில் அடைத்தாலும் அடைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆண்டுக்கு 14 சதவீத வட்டி மிச்சம். 'பாதி தாண்டினால் பயனில்லை' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. கட்டணம் வந்து சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது: நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டியே முடித்தால், வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. 2014 முதலே ரிசர்வ் வங்கியின் விதி இது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிமுறை, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாது. இத்தனை மாதம் கழித்துத்தான் முடிக்கலாம் என்று தடுக்கவும் முடியாது. முழுக் கடனை அடைத்தாலும் ஒரு பகுதியை அடைத்தாலும் இதே சலுகை.

ஆனால் நம் ஊரில் பெரும்பாலான பர்சனல் லோன்கள் நிலையான வட்டியில் தரப்படுபவை. அவற்றுக்கு இந்த விலக்கு இல்லை. வங்கியோ நிதி நிறுவனமோ தன் கொள்கைப்படி கட்டணம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அனுமதிக் கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட கடன் என்றால், 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளும் உங்களுக்குத் தந்திருப்பார்கள். ஆண்டு வட்டி, எல்லாக் கட்டணங்கள், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது. சில வங்கிகள், முக்கியமாகப் பொதுத்துறை வங்கிகள், ரெப்போ விகிதத்தோடு இணைந்த மாறும் வட்டியில் பர்சனல் லோன் தருவதும் உண்டு. அதனால் யாரிடமும் கேட்பதற்கு முன் இந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் மாறும் வட்டி என்று இருந்தால், கட்டணத்தைப் பற்றிய கவலையே வேண்டாம்.

கட்டணத்தை எதன் மீது போடுகிறார்கள்?

கட்டணம் முதலில் வாங்கிய தொகை மீது போடப்படுவதில்லை. கட்டப்போகும் மொத்தத் தவணைகள் மீதும் இல்லை. முடிக்கும் நாளில் பாக்கி இருக்கும் அசல் மீதுதான் போடப்படும். பாக்கி அசலில் 2 முதல் 5 சதவீதம் வரை கட்டணம் கேட்பதுதான் வழக்கமாகக் காணப்படுவது. கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆக, 4 சதவீதம் என்று எழுதியிருந்தால் உண்மையில் கையைவிட்டுப் போவது 4.72 சதவீதம்.

நம் உதாரணத்தில் அவர் 24 தவணை கட்டி முடித்துவிட்டார். தவணை நாள் 5-ஆம் தேதி. 20-ஆம் தேதி கடனை முடிக்க விண்ணப்பிக்கிறார். வங்கி தரும் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் இப்படி இருக்கும்:

பாக்கி அசல் 3,40,402 ரூபாய். கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிய 15 நாளுக்கான வட்டி 1,958 ரூபாய். கட்டணம் 4 சதவீதம், 13,616 ரூபாய். அதன் மீது ஜி.எஸ்.டி. 2,451 ரூபாய். கட்ட வேண்டிய மொத்தம் 3,58,427 ரூபாய்.

நாள் வட்டி சுமார் 131 ரூபாய். இதனால்தான் அந்த ஸ்டேட்மென்ட் ஒரு குறிப்பிட்ட தேதி வரை மட்டும் செல்லும். அந்தத் தேதி தாண்டினால் புதிதாக வாங்க வேண்டும். பழைய தாளில் உள்ள தொகையைக் கட்டினால் சில நூறு ரூபாய் குறைந்து, கடன் கணக்கு மூடாமலே நிற்கும்.

ஸ்டேட்மென்ட் கையில் வந்ததும் ஒரு சிறு சரிபார்ப்பு செய்யுங்கள். பாக்கி அசலைத் தவணை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அந்த அசலை மட்டும் கட்டண சதவீதத்தால் பெருக்குங்கள். ஸ்டேட்மென்டில் உள்ள தொகை அதைவிடக் கூடுதல் என்றால், ஓடிய வட்டியையோ பழைய தாமதக் கட்டணத்தையோ அசலோடு கூட்டி அதன் மீதும் கட்டணம் போட்டிருக்கக்கூடும். எந்த வரியில் கூடியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

லாபமா? உண்மையான கேள்வி

அந்த மாதத் தவணையைக் கட்டிய மறுநாளே கடனை முடிக்கிறார் என்று வைத்து, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கணக்கைப் பார்ப்போம். எல்லா இடத்திலும் அதே 4 சதவீதக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும்தான்.

| பாக்கி காலம் | பாக்கி அசல் (ரூ.) | இனி கட்டவேண்டிய வட்டி (ரூ.) | கட்டணம், ஜி.எஸ்.டி. (ரூ.) | மிச்சம் (ரூ.) |
|---|---|---|---|---|
| 4 ஆண்டு | 4,25,746 | 1,32,692 | 20,095 | 1,12,597 |
| 3 ஆண்டு | 3,40,402 | 78,427 | 16,067 | 62,360 |
| 2 ஆண்டு | 2,42,313 | 36,906 | 11,437 | 25,469 |
| 1 ஆண்டு | 1,29,575 | 10,035 | 6,116 | 3,919 |

கடைசிப் பத்தியை மட்டும் பார்த்தால், எப்போது முடித்தாலும் லாபம் என்றுதான் தோன்றும். கடன் கால்குலேட்டர்கள் காட்டுவதும் இந்த மிச்சத்தைத்தான். ஆனால் இதில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. மூன்று ஆண்டு பாக்கி இருக்கும்போது மிச்சமாகும் 62,360 ரூபாய், மூன்று ஆண்டில் சிறுகச் சிறுக வருவது. அதற்காக அவர் இன்றே 3,56,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பணம் வேறு இடத்தில் இருந்தால் அதுவும் ஏதாவது சம்பாதிக்கும் அல்லவா?

அதனால் கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும். கடனை முடிக்கத் தேவையான அதே தொகையை ஒரு டெபாசிட்டில் போடுகிறேன். மாதாமாதம் அதிலிருந்தே எடுத்துத் தவணை கட்டுகிறேன். கடைசித் தவணையோடு டெபாசிட் பணமும் சரியாகத் தீர வேண்டுமானால், அந்த டெபாசிட்டுக்கு எத்தனை சதவீத வட்டி கிடைக்க வேண்டும்? அந்தச் சதவீதம்தான் கடனை முடிப்பதன் உண்மையான வருமானம்.

கணக்குப் போட்டால் விடை இதுதான். 4 ஆண்டு பாக்கி என்றால் 11.5 சதவீதம். 3 ஆண்டு என்றால் 10.8. 2 ஆண்டு என்றால் 9.4. ஓராண்டு மட்டும் பாக்கி என்றால் 5.3 சதவீதம்தான்.

கடன் அதே 14 சதவீதம், கட்டணமும் அதே 4 சதவீதம். ஆனாலும் காலம் குறையக் குறைய லாபம் கரைகிறது. காரணம் எளிது. 4.72 சதவீதக் கட்டணத்தை நான்கு ஆண்டில் பரப்பினால் ஆண்டுக்குக் கொஞ்சம்தான் விழும். ஒரே ஆண்டில் தாங்க வேண்டும் என்றால் கனமாகிவிடும். அதிலும் அந்தக் கடைசி ஆண்டு முழுவதும் அசல் வேகமாகக் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அரை ஆண்டுக்குத்தான் அந்தப் பணம் கடனாக இருக்கிறது.

இதிலிருந்து வீட்டில் பயன்படுத்த ஒரு எளிய வழி கிடைக்கிறது. பாக்கி இருக்கும் ஆண்டுகளைப் பாதியாக்குங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்த கட்டண சதவீதத்தை அந்தப் பாதியால் வகுங்கள். வருவதைக் கடன் வட்டியிலிருந்து கழியுங்கள். மூன்று ஆண்டு பாக்கி என்றால் பாதி ஒன்றரை; 4.72-ஐ 1.5-ஆல் வகுத்தால் 3.15, அதை 14-இல் கழித்தால் 10.85. துல்லியமான விடை 10.8. பாக்கி காலம் ஓராண்டுக்குக் குறையும்போது இந்த வழி கொஞ்சம் பிசகும். ஆனால் முடிவெடுக்க இதுவே போதும்.

இனி ஒப்பீடு சுலபம். கையில் உள்ள பணம் 7 சதவீத எஃப்.டி.யில் இருக்கிறது என்றால், அந்த வட்டிக்கு வருமான வரியும் உண்டு. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குக் கையில் நிற்பது சுமார் 5.5 சதவீதம். கடனை முடிப்பதில் மிச்சமாகும் வட்டிக்கோ வரி கிடையாது. ஆகவே இரண்டு, மூன்று, நான்கு ஆண்டு பாக்கி இருந்தால், கட்டணம் கட்டியாவது முடிப்பது தெளிவான லாபம். ஓராண்டே பாக்கி இருந்தால் அவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வரியே கட்டாதவருக்கு, முடிப்பதைவிட டெபாசிட்டில் விட்டுவைப்பதே மேல். 'கடைசிக் காலத்தில் அடைக்காதே' என்ற நண்பரின் அறிவுரை இந்த இடத்தில் சரியாகிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல.

இன்னொரு கடன் வாங்கி இதை முடித்தால்?

"உங்க லோனை எங்ககிட்ட மாத்திக்கோங்க, 11 சதவீதம்தான்" என்று தொலைபேசி அழைப்பு வராதவர்கள் குறைவு. 14-இலிருந்து 11-க்கு மூன்று சதவீதம் குறைவு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டு பாக்கி இருக்கும் நம்மவரையே எடுத்துக்கொள்வோம்.

பழைய கடனை முடிக்க அவருக்கு 3,56,469 ரூபாய் வேண்டும். புதிய வங்கி 2 சதவீதம் பிராசஸிங் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். எனவே அவர் சுமார் 3,65,000 ரூபாய்க்குக் கடன் எடுக்க வேண்டும். 11 சதவீதத்தில் 36 மாதத்துக்கு அதன் தவணை சுமார் 11,950 ரூபாய். அவர் இப்போது கட்டுவது 11,634. வட்டி மூன்று சதவீதம் குறைந்தும், மாதம் 300 ரூபாய்க்கு மேல் கூடுதலாக மூன்று ஆண்டு கட்ட வேண்டும்.

மேலே பார்த்த 10.8 சதவீதம் இங்கேயும் எல்லைக்கோடாக நிற்கிறது. பிராசஸிங் கட்டணமே இல்லாவிட்டாலும் புதிய வட்டி 10.8-க்குக் கீழே இருந்தால்தான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. கட்டணம் இருந்தால் இன்னும் கீழே வர வேண்டும். மாற்றச் சொல்பவர்கள் இதற்கு மாற்றாகக் காலத்தை நீட்டித்து, தவணையைக் குறைத்துக் காட்டுவார்கள். மூன்று ஆண்டில் தீர வேண்டிய கடன் ஐந்து ஆண்டானால் தவணை கட்டாயம் குறையும். மொத்த வட்டி கூடும். அதனால் பாக்கி இருக்கும் அதே மாதங்களுக்குத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். இப்போதைய தவணையைவிட அது குறைவாக இல்லையென்றால் மாற்ற வேண்டியதில்லை.

எப்போது முடிப்பது?

நிலையான வட்டிக் கடன்களில் முதல் சில மாதங்கள், சில இடங்களில் 12 தவணை வரை, முடிக்கவே அனுமதி இருக்காது. அதன் பிறகும் பல இடங்களில் கட்டணம் படிப்படியாகக் குறையும்: 24 தவணை வரை 4 சதவீதம், அதற்குப் பிறகு 36 வரை 3, அதற்கும் பிறகு 2 என்பது போல. அப்படியானால் அடுத்த படி வரும்வரை காத்திருக்கலாமா?

நம்மவர் 24 தவணை முடிந்ததும் அடைத்தால் கட்டணம் 16,067 ரூபாய். ஒரு மாதம் பொறுத்து 25-ஆவது தவணைக்குப் பிறகு 3 சதவீதத்தில் அடைத்தால் 11,779. குறைவது 4,288 ரூபாய். ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு அவர் கட்டும் வட்டி 3,971. காத்திருந்ததில் மிஞ்சியது 317 ரூபாய். ஆக, அடுத்த படி ஒரு மாதத்துக்குள் வருகிறது என்றால் பொறுக்கலாம். மூன்று நான்கு மாதம் இருக்கிறது என்றால் காத்திருப்பது நஷ்டம். அதே நேரம், கடைசி ஆண்டில் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியிருந்தால், முன்பு 5.3 ஆக இருந்த வருமானம் 9.6 சதவீதமாகிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் உள்ளவர்கள் கடைசி ஆண்டிலும் தயங்காமல் முடிக்கலாம்.

முழுத் தொகை கையில் இல்லாதவர்கள் பகுதித் தொகை கட்டும் வசதியைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பாக்கி அசலில் குறிப்பிட்ட சதவீதம் வரை கட்டணமில்லாமல் கட்ட அனுமதிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படிக் கட்டணமில்லாமல் அடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் முழு 14 சதவீதத்தையும் மிச்சப்படுத்தும். கட்டியபின் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டி அதிகம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தைத் துடைத்துப் போட்டு கடனை முடிக்க வேண்டாம். இரண்டு மாதத்தில் மருத்துவச் செலவு வந்து கிரெடிட் கார்டில் கடன் வாங்கினால், அதன் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டும். அதுவரை மிச்சமானதெல்லாம் அதில் போய்விடும்.

முடிக்கும் நாளும் அதற்குப் பிறகும்

கடன் கணக்கிலோ, தவணை பிடிக்கும் சேமிப்புக் கணக்கிலோ பெரிய தொகையைப் போட்டுவிட்டால் கடன் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. முன்கூட்டி முடிக்கிறேன் என்ற விண்ணப்பம் இல்லாமல் போட்ட பணம், முன்பணமாகவோ சும்மாவோ கிடக்கும். கடனும் வட்டியும் வழக்கம்போல் ஓடும். விண்ணப்பம் தந்து, ஸ்டேட்மென்ட் வாங்கி, அதிலுள்ள தொகையை அதில் சொன்ன வழியில் அந்தத் தேதிக்குள் கட்டி, ரசீது வாங்குங்கள்.

தவணை நாளுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது முடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. தானாகப் பிடிக்கும் உத்தரவு ஏற்கெனவே உங்கள் வங்கிக்குப் போயிருக்கலாம். கடன் முடிந்த பிறகும் ஒரு தவணை பிடிபடும். அது திரும்ப வரும், ஆனால் அலைய வேண்டியிருக்கும். தவணை பிடித்த மறுவாரத்தில் முடித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அதன்பின் மூன்று வேலை பாக்கி. பாக்கி ஏதும் இல்லை என்ற நோ டியூஸ் சான்றை வாங்குங்கள். தானாகத் தவணை பிடிக்கும் உத்தரவை ரத்து செய்து, கொடுத்திருந்த காசோலைகளைத் திரும்பப் பெறுங்கள். கடன் வாங்கும்போது காப்பீட்டு பிரீமியத்தையும் கடனில் சேர்த்திருந்தால், மீதிக் காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை.

ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். அதில் கடன் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால் விடாதீர்கள். முழுத் தொகையையும் கட்ட முடியாமல் குறைத்துக் கட்டியவர்களுக்கான முத்திரை அது. அடுத்த கடனுக்கு அதுவே தடையாகும். திருத்தம் கேட்டுக் கொடுத்த புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு.

விவரத்தாளில் இல்லாத கட்டணத்தைப் பிடித்திருந்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. விவரத்தாள், ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட், பணம் கட்டிய ரசீது ஆகிய மூன்றும் கையில் இருந்தால், எந்த வரியில் எவ்வளவு கூடுதல் என்று அங்கே எண்ணாகவே காட்டிவிடலாம்.